பிரிவு 7

பதிப்பகத்தில் என் மேசைக்கு நாவல் வரும், சமையல் குறிப்பு வரும், ஒப்பந்தம் வந்ததில்லை. அன்று வந்தது. ஒரு நாவலை ஒலிப்புத்தகமாக்க ஒரு நிறுவனம் கேட்டிருந்ததால், அதன் ஆசிரியரோடு போட்ட பழைய ஒப்பந்தத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டியிருந்தது. "எழுத்துப்பிழை மட்டும் பாரும்மா, போதும்" என்றார் முதலாளி. எங்கள் பிரதியில் சில இடங்கள் மங்கிப்போயிருந்ததால் ஆசிரியரிடம் இருந்ததையும் வாங்கி வைத்திருந்தார்கள்.

இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிடுவேன். படிக்க ஆரம்பித்தால் கண் தனக்குத் தோன்றியதைப் படித்துக்கொண்டு போய்விடும், இதில் அந்த வம்பு இல்லை. மூன்று பக்கம் அப்படியே பொருந்தியது. நான்காவதில் ஒரே ஒரு வரி மட்டும் இரட்டையாகக் கலங்கித் தெரிந்தது.

பிரிவு 7. பிற வடிவங்களுக்கான உரிமையை "ஆசிரியர் அல்லது பதிப்பாளரின்" சம்மதத்தோடு விற்கலாம் என்றது எங்கள் பிரதி. "ஆசிரியர் மற்றும் பதிப்பாளரின்" என்றது அவருடையது. அதாவது எங்கள் பிரதிப்படி அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமலேயே விற்றுவிடலாம்.

முதலாளியிடம் காட்டினேன்.

"நம்மகிட்ட இருக்கிறதையே அடி. ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு இல்ல?"

"இதுலயும் இருக்கு சார்."

"அப்போ அவங்கதான் தாளை மாத்தி வச்சிருக்கணும்."

மாற்றியது உண்மைதான். ஆசிரியர் பிரதியில் மற்ற தாள்களின் மூலையில் ஸ்டேப்ளர் பின் இரண்டு முறை குத்திய துளைகள் இருந்தன, நான்காம் தாளில் ஒரு முறை குத்தியதுதான். பிரித்து, ஒரு தாளை மாற்றி, மறுபடி குத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாளின் அடியிலும் முதலாளியின் சுருக்கொப்பம் இருந்தது, அதுவும் பச்சை மையில். எங்கள் அலுவலகத்தில் பச்சை மை பேனா வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். விரலால் தொட்டுக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, அவங்களுக்குப் போன் போடு" என்றார்.

ஆசிரியர் சிரித்தே விட்டார். "அன்னைக்கு நான்தானேம்மா மாத்தச் சொன்னேன்! என் பிரதிக்கு ஒரு தாள் அடிச்சதுமே பிரிண்டர்ல மை தீர்ந்துபோச்சு. எங்க பிரதியை நாளைக்கு மாத்திக்கறோம்னார் உங்க சார்."

அந்த நாளை வரவே இல்லை. முதலாளிக்கு நிஜமாகவே மறந்துபோனதா என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் மறந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார். புதுத் தாளைப் பழைய தேதியிலேயே அடித்து எங்கள் பிரதியில் செருகச் சொன்னார். முடியாது என்றேன். கடைசியில் திருத்த ஒப்பந்தம் என்று தனியாக ஒரு பக்கம், இன்றைய தேதி போட்டு இரண்டு பிரதி எடுத்தோம். இரண்டையும் ஜன்னலில் வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துக்கு விட்டேன்.

ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். ஒலிப்புத்தகத்துக்கு மட்டும் சம்மதம் தரவில்லை. யார் வாசிக்கப் போகிறார்களோ அந்தக் குரலை முதலில் கேட்க வேண்டுமாம்.