தாத்தா பேர்ல இருந்த பழைய ரேஷன் கார்டு: உறுப்பினர் பட்டியல்

சித்தப்பாவுக்கு,

நேத்து ராத்திரி சித்தி அனுப்பின போட்டோவைப் பார்த்து, கார்டுல இருக்கிற குடும்ப அட்டவணையை வரி வரியா எழுதியிருக்கேன். வாரிசுச் சான்று விண்ணப்பத்தோட வைக்க வி.ஏ.ஓ. கேட்டது இந்தப் பட்டியலைத்தான். முதல்ல பட்டியல், அதுக்குக் கீழே எந்த இடத்துல என்ன சந்தேகம்னு சொல்றேன். வி.ஏ.ஓ.கிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க.

கார்டு: 2005ல கொடுத்த புத்தகக் கார்டு, பின்னாடி உள்தாள் ஒட்டினது. தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டம். குடும்பத் தலைவர் தாத்தா. கார்டு நம்பரை இதுல போடலை. இந்த மெசேஜ் எத்தனை போனுக்குப் போகும்னு தெரியாது, நம்பர் வேணும்னா கார்டைப் பார்த்து நேர்ல சொல்லிக்கலாம்.

| வ.எண் | பெயர் | ஆண்/பெண் | வயது | உறவு | குறிப்பு |
|---|---|---|---|---|---|
| 1 | முனிசாமி | ஆண் | 58 | குடும்பத் தலைவர் | |
| 2 | மாதம்மாள் | பெண் | 52 | மனைவி | |
| 3 | சின்னம்மாள் | பெண் | 7[3 அல்லது 8] | தாய் | சிவப்பு மையில் கோடு, "இறப்பு" |
| 4 | பெருமாள் | ஆண் | 34 | மகன் | |
| 5 | சரோஜா | பெண் | 28 | ம.மகள் [மருமகள்] | |
| 6 | கோவிந்தராஜ் | ஆண் | 27 | மகன் | |
| 7 | காவேரி | பெண் | 2[2] | ௸ [மகள்] | சிவப்பு மையில் கோடு, "நீக்கம்", மேலே முத்திரை |
| 8 | தீபா | பெண் | 6 | பேத்தி | |
| 9 | பாபு | ஆண் | 3 | பேரன் | |
| 10 | லட்சுமி | பெண் | 23 | மருமகள் | வேறு மையில் பின்னாடி சேர்த்தது, பக்கத்தில் 2008 |

அட்டவணைக்குக் கீழே: பெரியவர் 7, சிறியவர் 2.

சதுர அடைப்புக்குள்ள இருக்கிறது மட்டும் நான் ஊகிச்சது. மத்ததெல்லாம் கார்டுல இருக்கிற எழுத்து, ஒரு புள்ளி கூட மாத்தலை. இதை யார் படிச்சாலும் கார்டு சொல்றது எது, தீபா சொல்றது எதுன்னு பிரிச்சுத் தெரியணும், அதுக்காகத்தான் இப்படி.

எண்ணிக்கை சரியா வருது. முதல் 9 வரியும் கார்டு கொடுத்த அன்னைக்கு எழுதினது. அதுல நானும் பாபுவும் சிறியவர், மீதி ஏழு பேர் பெரியவர். கீழே இருக்கிற 7, 2 அதோட ஒத்துப்போகுது, அதனால போட்டோவுல எந்த வரியும் விடுபடலை. சித்தியைச் சேர்த்தப்ப கீழ் எண்ணிக்கையைத் திருத்தலை. அதையும் திருத்தாம அப்படியே விட்டிருக்கேன்.

இனி ஏழாவது வரி. நீங்க போன்ல "கோடு போட்டதையெல்லாம் விட்டுட்டு எழுதும்மா"ன்னு சொன்னீங்க. மூணாவது வரியும் ஏழாவது வரியும் பட்டியல்ல இருக்கிறதைப் பார்த்து, நான் உங்க பேச்சைத் தட்டிட்டேன்னு நினைக்காதீங்க. ராத்திரி பூரா யோசிச்சுட்டுத்தான் எழுதினேன்.

அத்தை பேருக்கு மேல கோடு போட்டது, கல்யாணம் ஆகி ராயக்கோட்டை போனதும் அவங்க மாமியார் வீட்டுக் கார்டுல சேர்க்கிறதுக்காக. ஒருத்தர் பேர் ரெண்டு கார்டுல இருக்கக்கூடாது, அதனால இங்க நீக்கினாங்க. இங்க அரிசி வாங்க மாட்டாங்க, அங்க வாங்குவாங்க, அந்தக் கோட்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம். தாத்தாவுக்கு மகள் இல்லைன்னு அந்தக் கோடு சொல்லலை. இந்து வாரிசுரிமைச் சட்டத்துல மனைவி, மகன், மகள் எல்லாருமே முதல் வகுப்பு வாரிசு, மகளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா இல்லையான்னு பார்க்கிறதில்லை. ஆயா, எங்க அப்பா, நீங்க, அத்தை, நாலு பேரும் அந்த விண்ணப்பத்துல வரணும். அத்தை பேர் இல்லாம பட்டியல் போச்சுன்னா, விசாரணைக்கு வர்றப்ப பக்கத்து வீட்டுல கேட்டாலே சொல்லிடுவாங்க. அப்ப நாம மறைச்ச மாதிரி ஆயிடும். நீங்க மறைக்க நினைக்கலைன்னு எனக்குத் தெரியும், கோடு போட்டா பேர் போயிருச்சுன்னு நினைச்சுட்டீங்க, அவ்வளவுதான். ஆனா படிக்கிறவங்களுக்கு அது தெரியாதே.

அந்த வரியில இன்னொண்ணும் இருக்கு. உறவுன்ற கட்டத்துல அத்தைக்கு நேரா "மகள்"னு எழுதவே இல்லை. ௸ன்னு ஒரு சுழி மட்டும் இருக்கு. முதல்ல ஏதோ கையெழுத்துன்னு நினைச்சேன். பெரிசாக்கிப் பார்த்தப்பதான் பத்திரத்துல எல்லாம் வருமே, மேற்படின்றதுக்குப் போடற அந்தக் குறின்னு புரிஞ்சது. மேல் வரியில நீங்க, உங்களுக்கு நேரா "மகன்". அப்படின்னா குறியை அப்படியே விரிச்சு எழுதினா "காவேரி, மகன்"னு ஆகும்! எழுதினவர் அவசரத்துல மேல இருக்கிறது பிள்ளை, கீழே இருக்கிறதும் பிள்ளைன்னு போட்டிருக்கார். நல்லவேளை ஆண்/பெண் கட்டத்துல "பெண்"ணுன்னு தெளிவா இருக்கு. அதை வச்சுத்தான் அடைப்புக்குள்ள மகள்னு போட்டேன். குறியை எடுத்துட்டு நேரா மகள்னு எழுதலை, அசல் கார்டைக் கையில வச்சுப் பார்க்கிறவர் "இதுல அப்படி இல்லையே"ன்னு கேட்கக்கூடாது.

அத்தை வயசுல முதல் 2 தெளிவா இருக்கு, ரெண்டாவது எண் மேல ஊதா முத்திரை விழுந்திருக்கு. போட்டோவோட வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். இவர் 2 போடறப்ப அடியில வாலை நீட்டி அடுத்த கட்டம் வரைக்கும் இழுக்கிறார், ஆயாவோட 52லயும் அப்படித்தான். முத்திரைக்கு வெளியே அந்த வால் தெரியுது. 27ன்னா வால் இருக்காது. அதனால 22. அத்தைகிட்டயும் கேட்டேன், ஆதார்ல இருக்கிற வருஷத்தோட ஒத்துப்போகுது. ஆனா நான் படிச்சது வாலை வச்சு, ஆதாரை வச்சு இல்லை.

கொள்ளுப்பாட்டி வயசு எனக்குத் தீரலை. கார்டை மடிக்கிற இடம் சரியா அந்த எண் மேல வந்திருக்கு. 3ஓட இடது பக்கத் திறப்பை மடிப்புக் கோடு மூடினா 8 மாதிரியே தெரியும். தாத்தாவுக்கு 58, அப்படின்னா பாட்டிக்கு 73னாலும் நடக்கும், 78னாலும் நடக்கும், கணக்குப் போட்டுச் சொல்ல வழியில்லை. தாத்தாவுக்கு முன்னாடியே பாட்டி போயிட்டாங்க, அதனால வாரிசு கணக்குல இது தடை ஆகாது. ஆனாலும் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுத மனசு வரலை, ரெண்டு எண்ணையும் போட்டிருக்கேன்.

வயசைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இதெல்லாம் 2005ஓட வயசு. சித்தி வயசு மட்டும் 2008ஓடது. ஒரே கட்டத்துல இருக்கிறதால எல்லாம் ஒரே வருஷம்னு படிச்சிடக்கூடாது. இன்னைய வயசா மாத்தி எழுதச் சொல்லி எங்க அப்பா கேட்டார், நான் மாத்தலை. கார்டுல 6ன்னு இருக்கிற என்னை 26ன்னு எழுதினா அது கார்டைப் பார்த்து எழுதினது ஆகாது. இன்னைய வயசு வேணும்னா ஆதாரைப் பார்த்துத் தனித்தாள்ல எழுதிக் கொடுக்கலாம்.

தாத்தா பேர் கார்டுல "முனிசாமி", ஆதார்லயும் இறப்புச் சான்றிதழ்லயும் "முனுசாமி". பட்டியல்ல கார்டு எழுத்துதான் வரும். ரெண்டும் ஒரே ஆள்தான்னு விண்ணப்பத்துல ஒரு வரி சேர்க்கணும், கேட்டுப் பாருங்க. இறப்புச் சான்றிதழ்ல வயசு 79ன்னு இருக்கு. கார்டு படி 2005ல 58ன்னா போன ஐப்பசியில 77தான் வரணும். இதையும் முன்கூட்டியே வி.ஏ.ஓ.கிட்ட சொல்லிடுங்க, அவரா கண்டுபிடிக்கிறதைவிட நாம சொல்றது நல்லது. தம்பி பேரும் அப்படித்தான், பள்ளிக்கூடச் சான்றிதழ்ல விக்னேஷ், கார்டுல வீட்டுல கூப்பிடற பாபு. அவன் இந்த விண்ணப்பத்துக்கு வாரிசு இல்லை, அதனால அதுக்குச் சிரமப்பட வேண்டாம்.

உறவெல்லாம் தாத்தாவை வச்சு எழுதினது. சரோஜா மருமகள்னா தாத்தாவுக்கு மருமகள், பாபு பேரன்னா தாத்தாவுக்குப் பேரன். இதை ஏன் சொல்றேன்னா, 2017ல ஸ்மார்ட் கார்டு வந்தப்ப அப்பா ஓசூர்ல தனிக் கார்டு வாங்கிட்டார், அதுல அப்பா தலைவர், அம்மா மனைவி, பாபு மகன். உங்க வீட்டுக் கார்டுல இப்ப ஆயா தலைவர். மூணு கார்டையும் பக்கத்துல வச்சு உறவைக் கலந்துட்டா ஒரே ஆள் மூணு ஆளா ஆயிடுவாங்க. நம்ம எல்லாரும் ஒரே தாள்ல இருக்கிறது இந்தப் பழைய கார்டுல மட்டும்தான். மண்ணெண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையுமா இருக்கிற இந்தக் கார்டை ஆயா தகரப் பெட்டியில இத்தனை வருஷம் வச்சிருந்தாங்களே, அதை நினைச்சா எனக்குக் கண்ணு கலங்குது. தயவுசெய்து அசலை யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க, காட்டிட்டு வாங்கிட்டு வந்துடுங்க.

சித்திகிட்ட சொல்லி இன்னொரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. டியூப்லைட் வெளிச்சம் பிளாஸ்டிக் உறையில பட்டு 3வது வரி வெளுத்துப்போயிருக்கு. உறையைக் கழட்டிட்டு, காலையில திண்ணையில வச்சு, மடிப்பு மேல ஒரு ஸ்கேலை வச்சு அமுக்கிட்டு நேர் மேல இருந்து எடுத்தா போதும். வலது பக்கத்துல இருக்கிற அரிசி, சர்க்கரை கட்டமெல்லாம் வேண்டாம், இந்தப் பக்கம் மட்டும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா மங்கிடுது, டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. மடிப்புக்குள்ள 3 தெரிஞ்சா அடைப்பை எடுத்துட்டு 73ன்னு மாத்திடறேன்.

அத்தைகிட்ட இந்தப் பட்டியலை நான் இன்னும் காட்டலை. உங்க தங்கச்சி, நீங்களே ஒரு தடவை போன் பண்ணி "உன் பேரும் இருக்கு, கையெழுத்துப் போட வா"ன்னு சொன்னா அவங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை காலையில ஓசூர்ல இருந்து கிளம்பறேன். நீங்க சொல்லிட்டீங்கன்னா வழியில ராயக்கோட்டையில அத்தையையும் கூட்டிட்டு வர்றேன், பத்து மணிக்குள்ள வீட்டுல இருப்போம்.

தீபா