மேட்டுத்தெரு தார்ச்சாலைச் சேதம்: இடக்குறிப்புகளுடன் மனு

நாள்: 18.11.2025

அனுப்புநர்
மேட்டுத்தெரு குடியிருப்போர்,
வார்டு 12.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பார்வைக்கு: நகராட்சிப் பொறியாளர், குடிநீர்ப் பிரிவு, 12-ஆவது வார்டு உறுப்பினர்.

பொருள்: மேட்டுத்தெரு தார்ச்சாலையில் மூன்று இடங்களில் சேதம் – குடிநீர்க் குழாய்க் கசிவை நிறுத்திய பின் சாலையைச் சீரமைக்கக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

மேட்டுத்தெரு 6 மீட்டர் அகலத் தார்ச்சாலை. தெருமுனைப் பலகையில் உள்ளபடி இது நகராட்சிச் சாலை, 2023-இல் போடப்பட்டது. நெடுஞ்சாலைத் துறைக்கு உரியதல்ல என்பதால் மனுவை அங்கே அனுப்பத் தேவையிருக்காது. கீழே உள்ள எண்களில் முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. கூகுள் மேப்ஸ் தேடல் பெட்டியில் அப்படியே இடலாம். வரிசை மாறினால் வடதுருவம் பக்கம் கடலில் போய் நிற்கும். கைப்பேசி சில மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும் என்பதால் மின்கம்ப எண்ணும் சேர்த்துள்ளோம்.

இடம் 1: 11.38462, 78.05217
மின்கம்பம் 14-க்கு நேர் எதிரே, சாலையின் நடுவில். பள்ளம் நீளம் 1.8 மீ., அகலம் 1.2 மீ., நடுவில் ஆழம் 14 செ.மீ. மூன்றில் அவசரமானது இதுதான். தண்ணீர் நிரம்பி நிற்கும்போது ஆழம் தெரிவதில்லை. இருசக்கர வாகனத்தின் முன்சக்கரம் நேராக உள்ளே இறங்குகிறது.

மழையில்லாத நாளிலும், காலையில் குடிநீர் விடும் நேரத்தில் பள்ளத்தின் கிழக்கு ஓரத்தில் தண்ணீர் ஊறுகிறது. குழாய் அடைத்த பின் மெல்ல வற்றுகிறது. எனவே அடியில் குழாய்க் கசிவு இருக்கிறது என்றே கருதுகிறோம். அடித்தளம் ஊறிக் கிடக்கும்வரை மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் ஜல்லியை விட்டு உரிந்துவிடும். முதலில் குடிநீர்ப் பிரிவு, பிறகு சாலைப் பிரிவு என்ற வரிசை தவறினால் இரண்டு செலவும் வீண்.

கசிவு நின்றதும் பள்ளத்தைச் சுற்றிச் செங்குத்தாக 2.1 மீ. × 1.5 மீ. செவ்வகமாக வெட்டி, தளர்ந்த ஜல்லியையும் சேற்றையும் முழுவதும் எடுக்க வேண்டும். அடியில் ஈரமாகக் கலந்த ஜல்லிக்கலவையான வெட்மிக்ஸ் போட்டு இறுக்கி, அதன் மேல் பிரைம் கோட்டும் பக்கச் சுவர்களில் டேக் கோட்டும் என மெல்லிய தார்ப்பூச்சு பூசி, மேலே 5 செ.மீ. தார்க்கலவை இறுகிய நிலையில் வர வேண்டும். இதற்குச் சுமார் 360 கிலோ சூடான தார்க்கலவை பிடிக்கும். வெட்டாமல் பள்ளத்தின் மேல் கொட்டினால், ஓரத்தில் மெலிந்து நிற்கும் கலவைதான் முதலில் பெயரும்.

இடம் 2: 11.38520, 78.05219
மின்கம்பம் 16 அருகே, இடம் 1-க்கு வடக்கே சுமார் 64 மீட்டர். வீட்டு இணைப்புக்காகச் சாலையின் குறுக்கே வெட்டி, மண் போட்டு மூடிய தடம். அகலம் 45 செ.மீ.; இப்போது 8 செ.மீ. தாழ்ந்துவிட்டது. மேலே தார் ஊற்றிச் சமப்படுத்தினால் மறுபடி தாழும், ஏனெனில் உள்ளே இருப்பது இறுக்காத மண். மேல் 40 செ.மீ. மண்ணை எடுத்து, வெட்மிக்ஸை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் தட்டு காம்பாக்டரால் இறுக்கிய பின் 5 செ.மீ. தார் போடக் கோருகிறோம். ரோலர் இங்கே உதவாது: உருளை இரு பக்கத்துப் பழைய சாலையின் மேல் ஏறி நிற்குமே தவிர, நடுவில் அழுத்தாது.

இடம் 3: 11.38538, 78.05219 முதல் 11.38548, 78.05219 வரை
மேற்கு ஓரம் 11 மீட்டர் நீளத்துக்கு, 60 செ.மீ. உள்வாங்கி உடைந்துள்ளது. தாருக்கும் மண்ணுக்கும் 17 செ.மீ. இறக்கம். பக்கத்து வடிகால் மண் தூர்ந்து கிடப்பதால் மழைநீர் சாலை ஓரத்தையே அரித்து ஓடுகிறது. தூர்வாரி, ஓரத்தில் கிராவல் நிரப்பி இறுக்கினால்தான் புதிய தார் விளிம்பு நிற்கும்.

மழை நிற்கும்வரை சூடான கலவை போட இயலாது என்பது புரிகிறது. அதுவரை இடம் 1-க்கு மூட்டையில் வரும் குளிர் தார்க்கலவையைத் தண்ணீர் இறைத்துவிட்டு நிரப்பலாம். வெறும் கிராவல் மட்டும் வேண்டாம். இரண்டு மழையில் சேறாகிவிடும். ஒளிரும் பட்டை ஒட்டிய தடுப்பு இரண்டு, பள்ளத்துக்கு இரு பக்கமும் இன்றே வைக்க வேண்டுகிறோம். அங்கே தெருவிளக்கு வெளிச்சம் எட்டுவதில்லை.

இச்சாலையின் ஒப்பந்தப் பராமரிப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதைப் பணிக் கோப்பில் பார்க்கவும். முடியவில்லையெனில் இடம் 3-ஐ ஒப்பந்ததாரரே தம் செலவில் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். இடம் 2 பின்னர் வெட்டப்பட்டது என்பதால் அது அவர் பொறுப்பில் வராது.

அளவு நாடா தெரியும்படி எடுத்த ஆறு புகைப்படங்களும், மூன்று இடங்களும் குறித்த வரைபடம் ஒன்றும் இணைத்துள்ளோம். மனு ஏற்பு எண்ணையும், குடிநீர்ப் பிரிவு ஆய்வுக்கு வரும் நாளையும் எழுத்தில் தெரிவிக்கவும். குடிநீர் விடும் காலை நேரத்தில் வந்தால் கசிவை நேரில் காணலாம்.

இப்படிக்கு,
மேட்டுத்தெரு குடியிருப்போர்
(23 பேர் கையொப்பம் தனித்தாளில்)

இணைப்பு: புகைப்படங்கள் 6, வரைபடம் 1, கையொப்பத் தாள் 1