எங்களைப் பற்றி, அதற்கு முன் உங்கள் சுவரைப் பற்றி

போன வருடம் பெயின்ட் அடித்த சுவர் மறுபடியும் உப்பியிருக்கிறது. விரலால் தட்டினால் பட்டி பொலபொலவென்று உதிர்கிறது, உள்ளே மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பிளம்பரைக் கூப்பிட்டால், "குழாய்ல ஒண்ணும் இல்ல, மொட்டைமாடியப் பாருங்க" என்கிறார். மாடி வேலை செய்பவர் வந்து பார்த்துவிட்டு பாத்ரூமைக் கைகாட்டுகிறார். பெயின்டர் எந்த வாதத்துக்கும் வருவதில்லை. நீர்புகாப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்று டின்னைத் திறந்துவிடுகிறார். இதற்கு நடுவில் மேல் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டு, அவரோடு பேச்சும் நின்றுபோயிருக்கும்.

இப்படி ஏதோ ஒன்றுதான் உங்களை இங்கே கொண்டுவந்திருக்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் எங்கள் வேலை.

இதே பக்கத்தில் நான்கு வருடமாக வேறொன்று எழுதியிருந்தது. நிறுவனர் எங்கே படித்தார், எத்தனை கட்டடங்களில் வேலை பார்த்தார், அவருடைய கனவு என்ன, கூடவே கோட் போட்ட ஒரு படம். அந்த நிறுவனர் நான்தான். ஒருநாள் ஒரு அம்மா போனில் சொன்னார்: "உங்க கதையப் படிச்சேன் தம்பி, நல்லாத்தான் இருக்கு. எங்க ஹால் சுவரப் பத்தி ஒண்ணும் போடலையே?" அன்று இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நான், எனது, நிறுவனர் எல்லாம் சேர்த்து 31 முறை. ஈரம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. சரி, அதைத் தூக்கிவிட்டு அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன்.

சுவரில் ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மாடியில் ஒரு மூலையில் இறங்கிய தண்ணீர், கான்கிரீட்டுக்குள் இருக்கும் மின்கம்பிக் குழாய் வழியாகவே ஓடி, ஹால் நடுவில் ஃபேன் கொக்கிப் பக்கம் சொட்டும். அதனால் நாங்கள் முதலில் "எங்கே" என்று கேட்பதில்லை, "எப்போது" என்று கேட்போம். மழை பெய்த பிறகு மட்டும் கூடுகிறதா? மாடியோ வெளிச்சுவரோ. யாரும் குளிக்காத நாட்களில் குறைகிறதா? பாத்ரூம் தரையோ கழிவுநீர்க் குழாயோ. மழை, வெயில், ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த வாரம் என்று எல்லா நாளும் ஒரே மாதிரி ஈரமா? எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும் குழாயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தரைத்தளத்தில் சுவரின் அடியிலிருந்து முழங்கால் உயரம், இடுப்பு உயரம் வரை பட்டையாக ஏறி நின்றால், அது பெரும்பாலும் மண்ணிலிருந்து சுவர் உறிஞ்சும் ஓதம். மூன்றாவது மாடியில் இருப்பவரிடம் யாராவது "தரை ஓதம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த வெள்ளை மாவு பூஞ்சை இல்லை, உப்பு. செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கும்போது உள்பக்கம் நீர்புகாப் பெயின்ட் அடித்தால், அது வெளியேற வழியில்லாமல் பெயின்டையே தள்ளிக் கொப்புளமாக்கும். போன வருடம் உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

பீரோவுக்குப் பின்னால், மூலையில், கறுப்புப் புள்ளியாகப் பூத்தால் கதை வேறு. அங்கே கசிவே இல்லாமல் இருக்கலாம். அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்திருக்கும். சுவரைத் துடைத்து, பாலித்தீன் தாள் ஒன்றை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம்தான் என்றால் எங்களைக் கூப்பிட வேண்டாம், பீரோவை நகர்த்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எங்களிடம் கருவிகள் உண்டு, ஆனால் அவற்றைக் காட்டி உங்களை அசத்தப் போவதில்லை. வெப்பப் படமெடுக்கும் கேமராவுக்குத் தண்ணீர் தெரியாது, சுவர்ப் பரப்பின் வெப்ப வித்தியாசம் மட்டும்தான் தெரியும். சுவரில் ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி, உப்பு நிறைந்த சுவரில் காய்ந்த பிறகும் ஈரம் என்று காட்டும். ஆகவே இரண்டையும் வைத்து ஓர் ஊகத்துக்கு வருவோம், அப்புறம் அதைச் சோதித்துப் பார்ப்போம். பாத்ரூம் என்றால் தரை வடிகாலை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கி, 24 மணி நேரம் விடுவோம். குழாய் என்றால் அழுத்தம் ஏற்றி, மானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்போம். மாடி என்றால் பகுதி பகுதியாகத் தண்ணீர் கட்டுவோம். பொறுமை தேவைப்படும் வேலை. ஒரே நாளில் முடியும் என்று சொல்ல மாட்டோம்.

ஒரு வீட்டில் படுக்கையறைச் சுவர் வெயில் காலத்தில் மட்டும் நனைந்தது. மழைக்காலத்தில் எலும்பாகக் காய்ந்து கிடக்கும். மூன்று முறை பெயின்ட் அடித்து, மேல் வீட்டு பாத்ரூம் தரையையும் உடைத்துப் போட்டிருந்தார்கள். போய் நின்றபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதன் தண்ணீர் வெளியே எங்கே விழுகிறது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் குழாயின் வாய் காய்ந்திருந்தது. சுவருக்குள் புதைத்த இடத்தில் இணைப்பு கழன்று, ஏசி ஓடும்போதெல்லாம் செங்கல்லுக்குள் வடிந்துகொண்டிருந்தது. சரிசெய்ய வேண்டியிருந்தது ஒரு முழக் குழாய்தான்.

நாங்கள் பெயின்ட் விற்பதில்லை, ரசாயனம் விற்பதில்லை, பழுது வேலையும் எடுப்பதில்லை. கண்டுபிடித்தவரே வேலையையும் எடுத்தால், சின்னக் காரணம் பெரிய காரணமாகிவிடும் சபலம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வரும். உங்கள் கையில் தருவது இரண்டு பக்க அறிக்கை: எங்கிருந்து வருகிறது, எந்தச் சோதனையில் தெரிந்தது, எதை உடைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது. மேல் வீட்டுக்காரரிடம் காட்டக்கூடிய மாதிரி படங்களோடு இருக்கும். காரணம் கிடைக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதிக் கட்டணத்தைத் திருப்பிவிடுவோம்.

பழுது பார்த்த மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஒன்பது அங்குலச் சுவர் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம். 11 வருடம் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தேன். அப்போது எத்தனையோ பேரிடம், சுவரைச் சோதிக்காமலேயே, "மேலே ஒரு கோட் அடிச்சா போதும்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது நாங்கள் ஆறு பேர். உங்கள் வீட்டுக்கு வருபவர் நானாக இல்லாமலும் இருக்கலாம். யார் வந்தாலும் முதலில் கேட்பது "எப்போது" என்றுதான்.

கூப்பிடும் முன் ஒன்று செய்துவையுங்கள். ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து இன்னொரு கோடு. நடுவில் மழை பெய்ததா, வீடு பூட்டியிருந்ததா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, இரண்டு கோடும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.