நேத்து ராத்திரி நீ போனை வெச்சதுக்கு அப்புறம்

மாலா,

நேத்து ராத்திரி நீ போனை வெச்சதுக்கு அப்புறம் எனக்கும் தூக்கம் வரல. "பத்தாங்கிளாஸ் பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றவடி நான், எனக்கே கணக்குத் தெரியலையே"ன்னு நீ சொன்னது காதுலயே நிக்குது. நீ அழுதப்போ எனக்கும் பேச வாய் வரல. அதான் இப்ப எழுதறேன்.

நீ ஏமாந்தது கணக்குல இல்ல. நீ சொன்னதை முதல்ல இருந்து யோசிச்சுப் பாத்தேன். டெலிகிராம்ல வந்தாங்க, ஹோட்டலுக்கு ஸ்டார் போடச் சொன்னாங்க, 150 ரூபா நிஜமாவே உன் அக்கவுண்ட்டுக்கு வந்துச்சு. 1,000 போட்டே, 1,300 வந்துச்சு. அதுவரைக்கும் நீ போட்ட கணக்கு சரிதான். கையில வந்த பணத்தை யார் சந்தேகப்படுவாங்க? அதுக்கப்புறம்தான் அந்தக் கூட்டு டாஸ்க். "மேடம், நீங்க தப்பா அழுத்திட்டீங்க, உங்களால மத்த மூணு பேரோட பணமும் மாட்டிக்கிச்சு"ன்னு சொன்னாங்க. அதுல ஒரு பொண்ணு குழந்தைக்கு ஆஸ்பத்திரி செலவுன்னு அழுது வாய்ஸ் மெசேஜ் வேற போட்டிருக்கா.

நீ பெரிய பெரிய தொகையா அனுப்பினது எல்லாம் அதுக்கு அப்புறம்தான், கவனிச்சியா? உன்னால இன்னொருத்தர் பணம் போயிடக் கூடாதேன்னு அனுப்பியிருக்கே. அந்த குரூப்ல இருந்த மூணு பேரும் அவங்க ஆளுங்கதான்டி. இந்த வேலையை இவங்க எல்லா ஊர்லயும் இதே வரிசையிலதான் செய்யறாங்க. பேராசைன்னு நீ உன்னைத் திட்டிக்கறே. நான் ஒத்துக்க மாட்டேன். ஹாஸ்டல்ல என் மெஸ் பில்லைக் கேக்காமலே கட்டினவ நீ. அவங்க கை வெச்சது அந்த மனசு மேலதான்.

படிச்சவங்க ஏமாற மாட்டாங்கன்னு நினைக்காதே. லூதியானாவுல வர்த்தமான் மில் குழுமத்தோட தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், எண்பது தாண்டினவர், 2024-ல 7 கோடி குடுத்தார். வீடியோ கால்ல சுப்ரீம் கோர்ட் மாதிரியே செட்டப் பண்ணி, பொய்யா ஒரு நீதிபதியை உக்கார வெச்சு மிரட்டியிருக்காங்க. ஆனா அவர் மூடி மறைக்கல. போலீஸுக்குப் போனார், அதுல 5 கோடிக்கு மேல திரும்பக் கிடைச்சுது. எவ்வளவு பெரிய மனுஷர், அவரே வெளியில சொன்னாரே.

உன் 1,86,000 மொத்தமும் வந்துடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். மதுவோட காலேஜ் பீஸுக்குன்னு சீட்டு எடுத்த பணம்னு தெரியும், அது எப்படி வலிக்கும்னும் தெரியும். ஆனா முந்தாநாள் அனுப்பின கடைசி 60,000 இன்னும் ஏதாவது அக்கவுண்ட்ல நிக்கலாம். நின்னா அதை முடக்க முடியும். மணி ஆக ஆக அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்கு மாத்திட்டே போவாங்க. அதனால இதைப் படிச்சதும் சைபர் கிரைம் உதவி நம்பர் 1930-க்கு போன் போடு. லைன் கிடைக்கலைன்னா விடாம போடு, cybercrime.gov.in-லயும் பதிவு பண்ணு. ஒவ்வொரு தடவை அனுப்பினதுக்கும் தேதி, தொகை, யூடிஆர் நம்பர் கேப்பாங்க. பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இருக்கும். அந்த டெலிகிராம் குரூப்பைப் பாக்கவே கூசுதுன்னு சொன்னே, ஆனா அழிச்சிடாதே. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடு.

இன்னும் 40,000 வரி கட்டினா மொத்தமும் விடுவிக்கறோம்னு சொல்றாங்கன்னியே, ஒரு ரூபா கூட அனுப்பாதே. நாளைக்கே வேற யாராவது வக்கீல்னோ, பணத்தை மீட்டுத் தர்றோம்னோ போன் பண்ணுவான். அவனுக்கும் குடுக்காதே. ஒரு தடவை பறிகொடுத்தவங்களைத் தேடித்தான் வருவாங்க.

அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கேட்டே. நான் வர்ற வரைக்கும் வேணாம்னா வேணாம். புகார் குடுக்க அவர் சம்மதம் தேவையில்ல. சனிக்கிழமை காலைல 6 மணி பஸ்ல திருச்சியில இருந்து கிளம்பறேன், ஒன்பதுக்குள்ள திண்டுக்கல் வந்துடுவேன். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சொல்லலாம். முதல்ல கோவப்படுவார், எனக்கும் தெரியும். பேசறதை நான் பேசிக்கறேன், நீ பக்கத்துல இரு, போதும். மதுவோட முதல் தவணைக்கு என்கிட்ட 35,000 இருக்கு, அதைப் பத்தி இப்ப வாதாட வேணாம்.

நேத்தும் சாப்பிடலன்னு தெரியும். ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டு 1930-க்கு போடு. புகார் நம்பர் வந்ததும் எனக்கு அனுப்பு, ஸ்கூல்ல இருந்தாலும் எடுத்துப் பாப்பேன்.

உன் கலா