இன்றைய ரூபாயும் நாளைய ரூபாயும்: ஒரு பைக் கடனை வைத்துக் கற்கும் தற்போதைய மதிப்பு

போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் பைக் கடன் தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கடன் 1,20,000 ரூபாய். வட்டி 12 சதவீதம். 12 மாதத் தவணை, மாதம் 11,200 ரூபாய். "வங்கியிலும் 12 சதவீதம்தான் சொன்னார்கள் சார், ஆனால் அங்கே தவணை 10,662 ரூபாய்தான் வருகிறது. வட்டி ஒன்றுதானே, தவணை மட்டும் ஏன் மாறுகிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இன்றைய பாடத்தை இந்தக் கேள்வியைச் சுற்றியே எழுதியிருக்கிறேன்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். இன்று கையில் இருக்கும் 10,000 ரூபாயும் ஐந்து ஆண்டு கழித்து வரப்போகும் 10,000 ரூபாயும் ஒன்றல்ல. ஏன் என்று கேட்டால் பலரும் உடனே விலைவாசி என்கிறார்கள். விலைவாசி ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. விலையே ஏறாத ஒரு நாட்டிலும் இன்றைய பணத்தை வட்டிக்கு விடலாம், தொழிலில் போடலாம். காத்திருக்கிறவருக்கு அந்த வாய்ப்பு போகிறது. வர வேண்டிய பணம் வராமலே போகும் அபாயமும் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்துதான் வட்டி வீதமாகிறது.

8 சதவீதக் கூட்டு வட்டியில் 10,000 ரூபாயைப் போட்டால் ஐந்து ஆண்டில் 14,693 ரூபாய் ஆகும். சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததே. PV என்பது இன்றைய தொகை, அதாவது தற்போதைய மதிப்பு; FV பின்னால் வரும் தொகை; r ஒரு காலத்துக்கான வட்டி வீதம்; n அப்படி எத்தனை காலம் என்பது:

```
FV = PV × (1 + r)^n
PV = FV ÷ (1 + r)^n
```

இரண்டாவது வரி முதல் வரியைத் திருப்பிப் போட்டதுதான். முன்னோக்கிப் போகும்போது பெருக்குகிறோம், பின்னோக்கி வரும்போது வகுக்கிறோம். அப்படி வகுத்து இன்றைய தேதிக்குக் கொண்டுவருவதைத்தான் தள்ளுபடி செய்தல் என்கிறோம். ஐந்து ஆண்டு கழித்து வரும் 10,000 ரூபாயை 8 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் 6,806 ரூபாய். அதாவது இன்று 6,806 ரூபாய் வைத்திருப்பவரும், ஐந்து ஆண்டில் 10,000 ரூபாய் உறுதியாகப் பெறப்போகிறவரும், வட்டி 8 சதவீதமாக இருக்கும்வரை, ஒரே நிலையில் இருக்கிறார்கள்.

ஏலச்சீட்டு போட்டவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவசரத்துக்கு ஒருவர் சீட்டைத் தள்ளி எடுக்கிறார். கடைசி மாதம்வரை காத்திருந்தால் முழுத்தொகை கிடைக்கும் என்று தெரிந்தும், இன்றே குறைந்த தொகையை வாங்கிக்கொள்கிறார். அவர் எந்தப் பாடப்புத்தகமும் படிக்காமலே தள்ளுபடி செய்கிறார்.

இந்தப் பாடத்தில் நான் விடாமல் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று: வெவ்வேறு தேதியில் வரும் ரூபாய்களை அப்படியே கூட்டாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் கூட்டுங்கள். கிலோவையும் லிட்டரையும் கூட்டமாட்டோம் அல்லவா, அதே மாதிரிதான்.

சரி, பைக்குக்கு வருவோம். வங்கி சொன்ன 12 சதவீதம் குறையும் இருப்பின் மீதான வட்டி. மாதத்துக்கு 1 சதவீதம். 12 தவணைகளின் தற்போதைய மதிப்பைக் கூட்டினால் 1,20,000 வர வேண்டும். கடன் தொகையை P என்று வைத்தால், அதற்கான தவணை:

```
EMI = P × r ÷ (1 − (1 + r)^−n)
    = 1,20,000 × 0.01 ÷ (1 − 1.01^−12)
    = 10,661.85
```

இங்கே பலர் தவறுவது r, n இரண்டிலும்தான். தவணை மாதாமாதம் என்றால் வட்டி வீதமும் மாத வீதமாகவே இருக்க வேண்டும். 12 சதவீதத்தை அப்படியே போட்டு n இடத்தில் 12 மாதம் வைத்தால் விடை எங்கேயோ போய்விடும்.

முதல் மாதம் வட்டி 1,200 ரூபாய், மீதி 9,461.85 அசலில் கழிகிறது. பாக்கி 1,10,538.15. இரண்டாம் மாத வட்டி அந்தப் பாக்கிக்கு மட்டும்: 1,105.38. இப்படியே இறங்கி, கடைசித் தவணையில் வட்டி வெறும் 105.56 ரூபாய். மொத்த வட்டி சுமார் 7,942 ரூபாய்.

அந்தக் கடன் தாளில் இருந்தது ஃபிளாட் வட்டி. 1,20,000-க்கு 12 சதவீதம், 14,400 ரூபாய். அதை அசலோடு கூட்டி 12-ஆல் வகுத்தால் 11,200. பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதில் மாதாமாதம் 1,200 ரூபாய் வட்டி. கடைசி மாதம் பாக்கி இருக்கும் அசல் 10,000 ரூபாய்தான், அதற்கும் 1,200 ரூபாய் வட்டி. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து வட்டி வாங்குகிறார்கள். தவணை மாறியதற்கு இதுதான் காரணம்.

இந்தத் தவணைகளை மாதம் 1 சதவீதத்தில் தள்ளுபடி செய்து பாருங்கள். முதல் 11,200-இன் இன்றைய மதிப்பு 11,089. பன்னிரண்டாவதன் மதிப்பு 9,939. பன்னிரண்டையும் கூட்டினால் 1,26,057. கையில் வாங்குவது 1,20,000, திருப்பித் தருவது இன்றைய கணக்கில் 1,26,057. அப்படியென்றால் உண்மையான வட்டி 12 சதவீதம் இல்லை, அதைவிட அதிகம். எந்த வீதத்தில் தள்ளுபடி செய்தால் சரியாக 1,20,000 வருகிறதோ அதுதான் உண்மையான வட்டி. கையால் போட்டால் முயன்று பார்த்துத்தான் நெருங்க முடியும். எக்செல்லில் ஒரே வரி:

```
=RATE(12, -11200, 120000)
```

விடை மாதம் 1.788 சதவீதம். 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 21.5. "12 சதவீதம்" என்று சொல்லப்பட்ட கடன் இது! கால்குலேட்டர் மட்டும் இருந்தால் ஒரு குறுக்குவழி: அசல் 1,20,000-இல் தொடங்கி 10,000-இல் முடிகிறது, சராசரி 65,000. அதற்கு 14,400 வட்டி என்றால் 22 சதவீதம். தேர்வில் இதை விடையாக எழுதாதீர்கள், ஆனால் கடையில் நிற்கும்போது போதும்.

தாளின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: செயலாக்கக் கட்டணம் 2,400 ரூபாய், கடன் தொகையிலேயே பிடித்துக்கொள்ளப்படும். அப்போது கைக்கு வருவது 1,17,600 மட்டும். அதே சூத்திரத்தில் அந்த எண்ணைப் போட்டால் மாதம் சுமார் 2.12 சதவீதம், ஆண்டுக்கு 25.4. முன்னாலேயே போகிற பணம் தள்ளுபடியே ஆகாத பணம், அதனால்தான் இவ்வளவு சின்னத் தொகை வீதத்தை இவ்வளவு தூக்குகிறது.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் புதிய கடன்களுக்கு முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைத் தர வேண்டும், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தை அதில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஏ.பி.ஆர் என்று அதில் இருக்கும். அந்த எண் வேறெதுவும் இல்லை, நாம் இப்போது கண்டுபிடித்ததுதான். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்படி அந்த மாணவரிடம் சொன்னேன்.

அடுத்த வகுப்புக்கு ஒரு கணக்கு. சந்தைக் கடைக்காரர் ஒருவர் தண்டலில் 10,000 ரூபாய் எடுக்கிறார். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். தள்ளுபடி வீதத்தை நாள் கணக்கில் கண்டுபிடியுங்கள். நான் போட்டதில் நாளுக்கு 0.33 சதவீதம் வந்தது, 365 நாளுக்குச் சுமார் 121. கூட்டு வட்டியாகப் பார்த்தால் 230-ஐத் தாண்டுகிறது. எப்படி வந்தது என்பதைப் படிப்படியாக எழுதிக்கொண்டு வாருங்கள்.