இறுதியாண்டுத் திட்டப்பணி: 7ஆம் வார முன்னேற்ற அறிக்கை (மண் ஈரப்பதக் கண்காணிப்புக் கருவி)

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை தங்களைச் சந்தித்ததிலிருந்து இன்று வரை எங்கள் குழு செய்த பணிகளையும், தங்கள் கருத்து தேவைப்படும் சில ஐயங்களையும், அடுத்த வாரத் திட்டத்தையும் எழுதுகிறேன். இந்த வாரத்துக்குள் அளவுத்திருத்தம் முழுவதையும் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன், பாதிதான் முடிந்துள்ளது. ஏறக்குறைய ஒரு வாரம் பின்தங்கியிருக்கிறோம். அதற்கான காரணத்தையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

செய்த பணிகள்

கடந்த சந்திப்பில் தங்களிடம் காட்டியபோது வைஃபை இணைந்தவுடன் சென்சார் அளவீடு பொருளற்ற எண்ணாக மாறியது நினைவிருக்கும். சென்சார்தான் பழுது என்று நினைத்து, திங்கள், செவ்வாய் இரண்டு நாட்களையும் சென்சாரையும் இணைப்புக் கம்பிகளையும் மாற்றிப் பார்ப்பதிலேயே செலவழித்துவிட்டோம். புதன்கிழமை, வைஃபை தொடர்பான வரிகளை மட்டும் நீக்கிவிட்டு அதே நிரலை ஓட்டியபோது அளவீடு சீராக வந்தது. அதன் பிறகே நாங்கள் பயன்படுத்திய GPIO 25, ESP32-இன் ADC2 பிரிவைச் சேர்ந்தது என்பதையும், வைஃபை இயங்கும்போது அந்தப் பிரிவை நம்பி அளக்க முடியாது என்பதையும் கவனித்தோம். சென்சாரை ADC1 பிரிவிலுள்ள GPIO 34-க்கு மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. ஆவணத்தை முதலிலேயே படித்திருந்தால் இரண்டு நாட்கள் மிச்சமாகியிருக்கும்.

அதே சமயம், சென்சாருக்கு எப்போதும் மின்சாரம் கொடுப்பதை நிறுத்தி, அளக்கும்போது மட்டும் ஒரு GPIO பின் வழியாகக் கொடுக்கும்படி மாற்றினோம். முதலில் 20 மில்லிவினாடி காத்திருப்பு மட்டும் வைத்திருந்ததால், ஒவ்வொரு தொகுதியிலும் முதல் சில எண்கள் மற்றவற்றிலிருந்து விலகி நின்றன. காத்திருப்பை 300 மில்லிவினாடியாக உயர்த்தியதும் அவை ஒன்றுபட்டன. இப்போது அளவீட்டுப் பகுதி இவ்வாறு உள்ளது:

```cpp
digitalWrite(SENSOR_PWR, HIGH);
delay(300);
long total = 0;
for (int i = 0; i < 32; i++) {
  total += analogReadMilliVolts(34);
  delay(5);
}
digitalWrite(SENSOR_PWR, LOW);
int mv = total / 32;
```

அளவுத்திருத்தத்துக்காக, துறை ஆய்வகத்திலுள்ள ஓவனில் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்திய மண்ணை 200 கிராம் வீதம் ஆறு குவளைகளில் எடுத்து, மண்ணின் உலர் எடையில் 0, 5, 10, 15, 20, 25 சதவீதம் வருமாறு தண்ணீர் கலந்தோம். கிடைத்த மின்னழுத்தம் முறையே 2310, 2140, 1830, 1520, 1360, 1290 மில்லிவோல்ட். ஈரம் கூடக் கூட மின்னழுத்தம் குறைகிறது. இது இவ்வகை மின்தேக்கச் சென்சாரின் இயல்புதான். ஆனால் குறைவு ஒரே சீராக இல்லை. 5 முதல் 15 சதவீதம் வரை ஒவ்வொரு படிக்கும் 310 மில்லிவோல்ட் இறங்குகிறது. 20-க்கும் 25-க்கும் இடையே 70 மட்டுமே.

கலந்த அளவுதான் உண்மையில் மண்ணில் இருக்கிறதா என்று பார்க்க, மறுநாள் 10 சதவீதக் குவளையிலிருந்து 50.0 கிராம் எடுத்து மீண்டும் உலர்த்தினோம். 45.6 கிராம் மிஞ்சியது, அதாவது உண்மையான ஈரம் 9.6 சதவீதம். சிறிதளவு ஆவியாகியிருக்கிறது. மற்ற குவளைகளை இவ்வாறு சரிபார்க்க நேரம் கிடைக்கவில்லை.

மின்நுகர்வையும் மல்டிமீட்டரில் அளந்தோம். ஆழ்ந்த உறக்க நிலையில் போர்டு முழுவதும் சேர்ந்து 14.6 மில்லிஆம்பியர் எடுத்தது. சென்சாரை அணைத்து வைத்த பின் 9.4 ஆனது. சிப் மட்டும் உறக்கத்தில் எடுப்பது மைக்ரோஆம்பியர் அளவில்தான். மீதி, போர்டிலுள்ள ரெகுலேட்டர், யு.எஸ்.பி. சிப், எப்போதும் எரியும் எல்.இ.டி. ஆகியவற்றால் போகிறது என்று கருதுகிறோம்.

ஐயங்கள்

முதலாவதும் முக்கியமானதும் அளவுத்திருத்தக் கோட்டைப் பற்றியது. ஆறு புள்ளிகளுக்கும் ஒரே நேர்கோடு பொருத்தினால் R² 0.966 வருகிறது, எண் நன்றாகத் தோன்றினாலும், 25 சதவீத மாதிரியை அந்தக் கோடு 22.35 என்றுதான் காட்டுகிறது. அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்துத் துண்டு துண்டான நேர்கோடுகளாக வைத்துக்கொள்ளலாம் என்று என் இணை மாணவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் இந்த ஆறு புள்ளிகளிலும் பிழை பூஜ்யம் ஆகும். ஆனால் கோட்டை வரைய எந்த மாதிரிகளைப் பயன்படுத்தினோமோ அவற்றிலேயே பிழையைச் சோதித்து அறிக்கையில் எழுதுவது நியாயமாகாது என்பது என் எண்ணம். 3, 8, 13, 18 சதவீதத்தில் நான்கு புதிய மாதிரிகளைத் தயாரித்து அவற்றில் மட்டும் இரண்டு முறைகளையும் ஒப்பிடலாமா, நான்கு மாதிரிகள் போதுமா என்று தாங்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இதனுடன் இன்னொன்றும் இருக்கிறது. 25 சதவீதக் குவளையின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஆகவே அங்கே மின்னழுத்தம் குறையாமல் நிற்பது சென்சாரின் எல்லையா, அல்லது மேல்மண்ணில் உண்மையிலேயே 25 சதவீதம் ஈரம் இல்லையா என்பதை இப்போதைக்கு எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது ஐயம், ஈரத்தை எந்த அலகில் காட்டுவது என்பது. 10 சதவீத மண்ணைத் தளர்வாகப் போட்டபோது 1830 மில்லிவோல்ட். அதே மண்ணை விரலால் அழுத்தி இறுக்கியபோது 1710. தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை. சென்சார் உணர்வது ஒரு கன அளவுக்குள் உள்ள தண்ணீரை என்பதால், எடைச் சதவீதத்தை மண்ணின் உலர் அடர்த்தியால் பெருக்கிக் கன அளவுச் சதவீதமாகக் காட்டுவதே பொருத்தம் என்று தோன்றுகிறது. ஆனால் திட்ட முன்மொழிவில் எடைச் சதவீதம் என்று எழுதியிருக்கிறோம். இந்த நிலையில் அலகை மாற்ற அனுமதி உண்டா?

மூன்றாவது, மின்கலன். முன்மொழிவில் 2600 மில்லிஆம்பியர்-மணி மின்கலனில் மூன்று மாதம் இயங்கும் என்று சொல்லியிருக்கிறோம். அரை மணிக்கு ஒருமுறை விழித்து, 6 வினாடி, சுமார் 120 மில்லிஆம்பியர் எடுத்தால் சராசரி 0.4 மில்லிஆம்பியர்தான், உறக்க நிலையின் 9.4 சேரும்போது மொத்தம் 9.8 ஆகி, 11 நாட்களில் தீர்ந்துவிடும். மூன்று மாதத்துக்குச் சராசரி 1.2-க்குள் இருக்க வேண்டும். எல்.இ.டி.யை மட்டும் அகற்றினால் இது போதாது. ரெகுலேட்டர் குறைவாக எடுக்கும் வேறொரு போர்டுக்கு மாறலாமா, அல்லது இலக்கைக் குறைத்து எழுதலாமா என்று தங்கள் ஆலோசனையைக் கேட்கிறேன். மாறுவதே நல்லது என்று நான் நினைக்கிறேன். நிரலில் பின் எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்த வாரத் திட்டம்

திங்களும் செவ்வாயும் 20, 25 சதவீத மாதிரிகளைப் புதிதாகக் கலந்து, மூடி வைத்து, ஒரே அளவில் இறுக்கி அளப்போம். அளந்தவுடன் அதே மண்ணை ஓவனில் வைத்து உண்மையான ஈரத்தையும் கண்டறிவோம். தாங்கள் ஒப்புதல் தந்தால் புதன், வியாழனில் சோதனை மாதிரிகள் நான்கையும் முடித்துவிடலாம். என் இணை மாணவர் இதற்கிடையே தரவைச் சேமிக்கும் பகுதியையும், வைஃபை கிடைக்காதபோது அளவீடுகளை நினைவகத்தில் வைத்திருந்து பிறகு அனுப்பும் பகுதியையும் எழுதுவார். அறிக்கையின் மூன்றாம் அத்தியாய வரைவை வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன். அதில் அளவுத்திருத்தப் பகுதி மட்டும் முழுமையாக இராது.

அளவீட்டு அட்டவணையையும் மின்னோட்ட அளவுகளையும் இத்துடன் இணைத்துள்ளேன். போர்டை மாற்றுவது குறித்த தங்கள் முடிவு மட்டும் செவ்வாய்க்கிழமைக்குள் தெரிந்தால், அந்த வாரத்திலேயே வாங்க வசதியாக இருக்கும்.

நன்றியுடன்,
தங்கள் மாணவி,
இறுதியாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை