எனக்கு மட்டும் ஏன் சௌராஷ்டிரம் வரவில்லை?

தம்பி: அக்கா, நேற்று பெரியம்மா வீட்டில் எல்லோரும் சௌராஷ்டிரத்தில் பேசிச் சிரித்தபோது நான் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு மட்டும் எப்படி வந்தது?

அக்கா: நான் மதுரையில், மஹால் பக்கத்துச் சந்தில், பாட்டி மடியில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள்டா. உனக்கு 3 வயதில் சென்னைக்கு வந்துவிட்டோம்.

தம்பி: அம்மாவும் அப்பாவும் இங்கேயும் அதில்தானே பேசுகிறார்கள்?

அக்கா: அவர்களுக்குள். எல்கேஜியில் நீ தண்ணீருக்குப் “பாணி, பாணி” என்று அழ, பிள்ளைகள் “இந்திக்காரன்” என்று கிண்டல் செய்ய, ஒரு வாரம் பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்றாய். அன்றிலிருந்து அம்மா உன்னிடம் தமிழ்தான். நானும் அப்படியே பழகிவிட்டேன், அது என் தப்பு.

தம்பி: பாட்டி கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாரே, புரியாமல் தலையாட்டினேன். என்ன அது?

அக்கா: சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்.

தம்பி: சரி, இனிமேல் என்னிடம் அதிலேயே பேசு. நான் முழித்தாலும் தமிழுக்கு மாறாதே.